மட்டு 8 இல் x² − 1 = 0 இற்கு நான்கு மூலங்கள்: நிறுவல் எந்த வரியில் உடைகிறது?

கீர்த்தி_வெள்ளவத்தை

உயர்தரம் எழுதிவிட்டு, கம்பஸ் தொடங்கும்வரை வீட்டில் இருக்கிறேன். மீதிகளை வைத்துக் கணக்குச் செய்வது எப்படி என்று தங்கச்சிக்குக் காட்டலாமே என்று, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 0 முதல் 7 வரை எழுதினேன். ஒவ்வொன்றையும் வர்க்கித்து, 8 ஆல் வகுத்து, மீதியை மட்டும் கீழே எழுதினோம்.

```
x    0  1  2  3  4  5  6  7
x²   0  1  4  1  0  1  4  1
```

கீழ் வரியில் 1 நான்கு இடத்தில் வருகிறது. அப்படியென்றால் x² − 1 = 0 என்ற இருபடிச் சமன்பாட்டுக்கு 1, 3, 5, 7 என்று நான்கு மூலங்கள். "இருபடிக்கு இரண்டுதானே என்று நீதானே சொன்னாய்" என்று தங்கச்சி கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

n படிப் பல்லுறுப்பிக்கு n மூலங்களுக்கு மேல் இருக்காது என்பதைக் காரணித் தேற்றத்தை வைத்து நிறுவியிருக்கிறோம். அந்த நிறுவலில் மெய்யெண் என்று எங்கும் எழுதிய ஞாபகம் இல்லை. கூட்டினோம், பெருக்கினோம், அவ்வளவுதான். அதெல்லாம் மட்டு 8 இலும் செய்யலாம். பிறகு எந்த வரியில் உடைகிறது? "8 முதன்மை எண் இல்லை" என்று ஒரே வரியில் சொல்லாமல், அந்த வரியைக் காட்டுவீர்களா?

கொட்டாஞ்சேனைப் பெடியன்

ஒரே வரிப் பதில் வேண்டாம் என்கிறீர்கள், ஆனால் பதில் அதுதான். முதன்மை எண் மட்டு என்றால் மூலங்களின் எண்ணிக்கை படியைத் தாண்டாது, லக்ராஞ்ச் நிறுவியது. 8 பகு எண், ஆகவே தாண்டுகிறது. மட்டு 15 இலும் இதேதான்: 1, 4, 11, 14 ஆகிய நான்கின் வர்க்கமும் 1. பகு எண் என்றால் x² − 1 இற்கு இரண்டுக்கு மேல் மூலம் வரும்.

நிலாவின் அம்மா

மகன் தகவல் தொழினுட்பப் பாடத்தில் எண்ம எண்கள் செய்கிறான், அதனால் இதைப் பார்த்தேன். எட்டை அடியாக வைத்தால் 3 இன் வர்க்கம் 11 என்றுதானே வரும்? 9 ஐ அப்படித்தானே எழுதுவோம். 1 எப்படி வந்தது?

கீர்த்தி_வெள்ளவத்தை

அக்கா, எண்ம முறையில் 9 ஐ 11 என்றுதான் எழுத வேண்டும், அது சரி. இங்கே அந்த 11 இன் கடைசி இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறோம். 5 இன் வர்க்கம் 25, எண்ம முறையில் 31. 7 இன் வர்க்கம் 49, அது 61. எல்லாம் 1 இல் முடிகின்றன, பார்த்தீர்களா? மகனிடம் இதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை அண்ணா, மட்டு 9 ஐ இப்போதுதான் செய்து பார்த்தேன். 9 உம் பகு எண்தான். ஆனால் வர்க்கம் 1 ஆக வருவது 1, 8 இரண்டுக்கும் மட்டுமே. அப்படியானால் "பகு எண் என்றால் வரும்" என்பது சரிவரவில்லையே?

பழைய கொப்பி

முப்பது வருடம் இணைந்த கணிதம் படிப்பித்தவன். பிள்ளை கேட்ட வரியை முதலில் காட்டுகிறேன், மற்றதைப் பிறகு பார்ப்போம்.

நாங்கள் வகுப்பில் எழுதும் நிறுவலில் இரண்டு படிகள் இருக்கின்றன. a ஒரு மூலம் என்றால் p(x) = (x − a)q(x) என்று எழுதலாம் என்பது முதற்படி. இது மட்டு 8 இல் கொஞ்சமும் பழுதில்லாமல் வேலை செய்யும். x − a இன் தலைக் குணகம் 1 என்பதால் நீள்வகுத்தலில் எங்கேயும் எண்ணால் வகுக்க வேண்டி வராது. எங்கள் கணக்கில் a = 1 என்று எடுத்தால் x² − 1 = (x − 1)(x + 1).

அடுத்த படியில், a அல்லாத இன்னொரு மூலம் b என்று வைத்து, (b − a)q(b) = 0 என்று எழுதுவோம். b உம் a உம் வேறு, ஆகவே b − a பூச்சியம் இல்லை, ஆகவே q(b) = 0 என்போம். கொப்பியில் இது அரை வரி. இரண்டாவது "ஆகவே" இல்தான் விஷயம் இருக்கிறது. பெருக்கம் பூச்சியம் என்றால் இரண்டில் ஒன்று பூச்சியம் என்று யாரும் கேட்காமலே எடுத்துக்கொள்கிறோம். மெய்யெண்ணில் அது உண்மை, அதனால் அதை எழுதவேண்டும் என்றே தோன்றுவதில்லை. நீங்கள் தேடிய "மெய்யெண்" அங்கேதான் ஒளிந்திருந்தது.

இனி b = 3 ஐப் போடுங்கள். (3 − 1)(3 + 1) = 2 × 4 = 8, மட்டு 8 இல் பூச்சியம். ஆனால் 2 உம் பூச்சியம் இல்லை, 4 உம் பூச்சியம் இல்லை. b = 5 என்றால் 4 × 6 = 24, அதே கதை. b = 7 என்றால் 6 × 8. இங்கே இரண்டாவது அடைப்பே பூச்சியம், ஆகவே 7 வழமையான வழியால் வருகிறது. 3 உம் 5 உம் இரண்டு அடைப்பும் சேர்ந்து பூச்சியமாவதால் வருகின்றன.

அலைகரை

அப்போ 1 உம் 7 உம்தான் உண்மையான மூலங்கள், 3 உம் 5 உம் பெருக்கல் செய்த விளையாட்டால் வந்தவை என்று எடுத்துக்கொள்ளலாமா? இருபடிக்கு இரண்டு என்ற கணக்கும் தப்பிவிடுமே.

பழைய கொப்பி

அப்படி எடுக்க முடியாது. (x − 3)(x − 5) ஐ விரித்துப் பாருங்கள். x² − 8x + 15. மட்டு 8 இல் 8x இல்லாமல் போகிறது, 15 என்பது 7, அதாவது −1. திரும்பவும் அதே x² − 1.

இந்தக் காரணிகளைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் 3 உம் 5 உம் வாசலால் வருகின்றன, 1 உம் 7 உம் மதில் ஏறி வருகின்றன. 1 ஐப் போட்டால் (−2)(−4) = 8. ஒரே பல்லுறுப்பி இரண்டு விதமாகக் காரணிகளாகப் பிரிகிறது, இரண்டும் ஒரே தரம். எது உண்மையான மூலம் என்று கேட்க இடமில்லை, நான்கும் சமம்.

கொட்டாஞ்சேனைப் பெடியன்

மட்டு 9 விஷயத்தில் நான் சொன்னது பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கேயும் 3 × 3 = 0 தானே? பூச்சியம் இல்லாத இரண்டு எண்களின் பெருக்கம் பூச்சியமாகிறது. அப்போ x² − 1 ஏன் அங்கே ஒழுங்காக நடந்துகொள்கிறது?

பழைய கொப்பி

நல்ல கேள்வி. x − 1 இற்கும் x + 1 இற்கும் இடையே வித்தியாசம் 2. மட்டு 9 இல் இரண்டும் சேர்ந்து பூச்சியமாக வேண்டும் என்றால் இரண்டிலும் ஒவ்வொரு 3 இருக்க வேண்டும், அல்லது ஒன்றிலேயே முழு 9 உம் இருக்க வேண்டும். இரண்டிலும் 3 இருந்தால் அவற்றின் வித்தியாசமான 2 இலும் 3 இருக்க வேண்டும், அது நடக்காது. ஆகவே 9 முழுவதும் ஒரே அடைப்பில் வந்து விழுகிறது, வழமையான இரண்டு மூலங்கள்தான் கிடைக்கும்.

8 இல் தேவைப்படுவது மூன்று 2கள். x ஒற்றை எண் என்றால் x − 1, x + 1 இரண்டும் அடுத்தடுத்த இரட்டை எண்கள். அடுத்தடுத்த இரட்டை எண்களில் ஒன்று கட்டாயம் 4 ஆல் வகுபடும். ஆகவே ஒன்று ஒரு 2 ஐயாவது தரும், மற்றது இரண்டு 2களையாவது தரும். மொத்தம் மூன்று. இது எல்லா ஒற்றை எண்ணுக்கும் நடக்கும், அதனால்தான் ஒற்றை எண்கள் நான்கும் மூலமாகிவிடுகின்றன.

உங்கள் மட்டு 15 இல் காரணம் வேறு. அங்கே 3, 5 என்று இரண்டு முதன்மை எண்கள் பங்கு பிரிக்கின்றன: x = 4 என்றால் ஒரு அடைப்பு 3, மற்றது 5. 8 இல் ஒரே முதன்மை எண்தான், அது தனக்குள்ளேயே பங்கு பிரிக்கிறது. இரண்டையும் ஒரே பெயரில் சொல்லப் போனதால்தான் உங்கள் வரி 9 இல் உடைந்தது.

பூச்சியம்

இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஒற்றை எண்ணின் வர்க்கத்திலிருந்து 1 ஐக் கழித்தால் 8 ஆல் வகுபடும் என்பது பழைய பயிற்சிக் கேள்வி. கணிதத் தொகுத்தறி முறையில் எல்லோரும் நிறுவியிருப்பார்கள். x = 2k + 1 என்று போட்டால் x² − 1 = 4k(k + 1). k(k + 1) எப்போதும் இரட்டை, ஆகவே 8 ஆல் வகுபடும். முடிந்தது.

கீர்த்தி_வெள்ளவத்தை

அண்ணா, நான் கேட்டது நான்கும் மூலமா என்று இல்லை. அது அட்டவணையிலேயே தெரிகிறது. படியைத் தாண்டாது என்ற நிறுவல் எங்கே நிற்கிறது என்பதுதான் என் கேள்வி.

ஆனால் நீங்கள் எழுதிய 4k(k + 1) ஐப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதையே ஒரு பல்லுறுப்பியாக எடுத்தால், 4x² + 4x. இதற்கு 0 முதல் 7 வரை எட்டும் மூலம்! இருபடிதான், குணகங்களும் பூச்சியம் இல்லை. ஆனால் எதைப் போட்டாலும் பூச்சியம். இப்படி ஒன்றைப் பல்லுறுப்பி என்று சொல்லலாமா?

பூச்சியம்

கேள்வியை மாற்றி வாசித்துவிட்டேன், மன்னிக்கவும் தங்கச்சி.

4x² + 4x என்பதைப் பூச்சியம் என்றே சொல்லிவிடலாம் என்பது என் கருத்து. எங்கே போட்டாலும் பூச்சியம் தருகிற ஒன்றை வேறு எப்படிச் சொல்வது?

பழைய கொப்பி

நான் அதற்கு உடன்படமாட்டேன். பல்லுறுப்பி என்றால் குணகங்களின் வரிசை. 4, 4, 0 என்ற வரிசையும் 0, 0, 0 என்ற வரிசையும் வேறு. ஒரே பெறுமானங்களைத் தந்தாலும் அவை ஒன்றல்ல. இல்லாவிட்டால் "படி" என்ற சொல்லுக்கே பொருள் போய்விடும், கீர்த்தியின் கேள்வியைக் கேட்கவே முடியாது.

பூச்சியம்

பெறுமானத்தை வைத்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள் சேர். அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

மரைன் டிரைவ் மென்பொருள்காரன்

என் வேலையில் நடந்த ஒன்று இதோடு சேருமா என்று பாருங்கள். பம்பலப்பிட்டியில் ஒரு சிறிய அலுவலகத்தில் ஜாவா எழுதுகிறேன். ஒருநாள் ஒரு சோதனையில் ஒரு பெரிய எண்ணின் வர்க்கம் 1 என்று திரையில் வந்து நின்றது. எங்கள் நிரலில்தான் பிழை என்று மத்தியானம் முழுவதும் தேடினேன். கடைசியில் இரண்டு வரியாகச் சுருக்கியும் அதேதான்:

```java
int x = 2147483647;
System.out.println(x * x);
```

இது 1 என்றுதான் அச்சிடும். எண் தாண்டிப் போய்ச் சுற்றி வந்துவிட்டது என்று அப்போது விட்டுவிட்டேன். ஆனால் சுற்றி வந்தது ஏன் சரியாக 1 இல் நின்றது என்பது இன்றுவரை மனதில் உறுத்திக்கொண்டு இருக்கிறது.

பழைய கொப்பி

சேரும், நன்றாகவே சேரும். ஜாவாவின் int மட்டு 2³² இல் கணக்குச் செய்கிறது. உங்கள் எண் 2³¹ − 1. வர்க்கித்தால் 2⁶² − 2³² + 1. முதல் இரண்டு உறுப்பும் 2³² ஆல் வகுபடும், மிஞ்சுவது 1.

மட்டு 16 ஐ ஒருமுறை கையால் செய்தால் இது இன்னும் விளங்கும். இப்போது நான்கு 2கள் வேண்டும். 3 தப்பிவிடுகிறது, ஏனென்றால் 2 × 4 = 8 இல் மூன்று 2கள்தான் இருக்கின்றன. x − 1, x + 1 இரண்டில் ஒன்று எப்போதும் ஒரே ஒரு 2 ஐத்தான் தரும். மற்றதுதான் மிச்சம் மூன்றையும் தரவேண்டும், அதாவது 8 ஆல் வகுபட வேண்டும். அப்படிப்பட்டவை 1, 7, 9, 15. திரும்பவும் நான்கு. மட்டு 32, மட்டு 64 என்று எவ்வளவு மேலே போனாலும் இதே கதைதான்: 1, −1, பாதியோடு 1 ஐக் கூட்டியது, பாதியில் 1 ஐக் கழித்தது. 2³² இன் பாதி 2³¹. அதில் 1 ஐக் கழித்ததுதான் உங்கள் திரையில் வந்த எண்.

மரைன் டிரைவ் மென்பொருள்காரன்

அப்போ int இல் வர்க்கம் 1 ஆவது 1, −1, 2147483647, −2147483647 என்ற நான்கு மட்டும்தான். இப்போதே ஓட்டிப் பார்த்தேன், −2147483647 உம் 1 தான் தருகிறது. நன்றி சேர்.

அலைகரை

எனக்கு ஒரு சந்தேகம். இருபடிச் சூத்திரம் இருக்கிறதே, அதில் ± ஒன்றுதான். இரண்டு விடைக்கு மேல் எப்படித் தரும்? சூத்திரமும் கூட்டல், பெருக்கல்தானே.

கீர்த்தி_வெள்ளவத்தை

இதை நானும் செய்து பார்த்தேன் அண்ணா. (x − 1)(x − 3) ஐ விரித்தால் x² − 4x + 3. சூத்திரத்தில் மேலே 4 ± √4, கீழே 2. முதலில் √4. அட்டவணையைப் பாருங்கள், வர்க்கம் 4 ஆவது 2 உம் 6 உம். 2 ஐ எடுத்தால் மேலே 6, அதை 2 ஆல் வகுக்க வேண்டும். மட்டு 8 இல் இரண்டால் பெருக்கி 6 வருவது எது என்றால் 3 உம் சரி, 7 உம் சரி. 6 ஐ எடுத்தால் மேலே 10, அதாவது 2. இரண்டால் பெருக்கி 2 வருவது 1 உம் 5 உம். சூத்திரம் நான்கையும் தருகிறது, ஆனால் "கீழே 2" என்பது ஒரு விடை தரும் வகுத்தல் இல்லை.

இன்னொன்றும் கவனித்தேன். இந்தப் பல்லுறுப்பிக்கும் மூலங்கள் அதே 1, 3, 5, 7. x² − 1 உம் x² − 4x + 3 உம் வேறு வேறு, ஆனால் மூலங்கள் ஒன்று. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் 4x − 4. அது ஒருபடி, அதற்கும் அதே நான்கு மூலங்கள்!

கொட்டாஞ்சேனைப் பெடியன்

அப்படியென்றால் எல்லை என்று ஒன்றும் இல்லையா? தலைக் குணகம் 4 என்றால் ஒருபடிக்கே நான்கு, இருபடிக்கு எட்டும் வருகிறது. தலைக் குணகம் 1 என்று கட்டுப்படுத்தினாலாவது ஒரு எல்லை இருக்குமா?

பழைய கொப்பி

இருக்கிறது. தலைக் குணகம் 1 ஆன இருபடிக்கு மட்டு 8 இல் நான்குக்கு மேல் வராது. கீர்த்தி தேடிய வரியை வைத்தே இதைக் காட்டலாம்.

மூலங்களில் ஒன்று ஒற்றை, ஒன்று இரட்டை என்று வையுங்கள், a உம் b உம். b − a ஒற்றை எண். மட்டு 8 இல் ஒற்றை எண்ணுக்கு நேர்மாறு உண்டு: 3 × 3 = 1, 5 × 5 = 1, 7 × 7 = 1, முதல் அட்டவணை சொல்வதே அதுதான். ஆகவே (b − a)q(b) = 0 என்ற வரியில் b − a ஐ வெட்டிவிடலாம். நிறுவல் உடையாமல் போகிறது, p(x) = (x − a)(x − b) என்று கிடைக்கிறது. இனி c என்று எந்த மூலத்தைப் போட்டாலும் c − a, c − b இரண்டில் ஒன்று ஒற்றை, அதையும் வெட்டலாம், மற்றது பூச்சியமாகத்தான் வேண்டும். ஆகவே c என்பது a அல்லது b. மூலங்கள் இரண்டே இரண்டு.

அப்படிக் கலக்காவிட்டால் மூலங்கள் எல்லாம் ஒற்றை, அல்லது எல்லாம் இரட்டை. எட்டில் ஒற்றை நான்கு, இரட்டை நான்கு. ஆகவே நான்குக்கு மேல் போகாது.

இதைப் பார்த்தால் 8 பகு எண் என்பதைவிட, மூலங்களுக்கு இடையிலான வித்தியாசம் வெட்டக்கூடியதா என்பதுதான் விஷயம் என்று தெரியும். 1, 3, 5, 7 இல் எந்த இரண்டை எடுத்தாலும் வித்தியாசம் இரட்டை. வெட்டக்கூடிய ஒரு சோடிகூட இல்லை.

கொட்டாஞ்சேனைப் பெடியன்

இதே வாதத்தை மட்டு 4 இற்குச் செய்தேன். ஒற்றையும் இரட்டையும் கலந்தால் இரண்டு மூலம், கலக்காவிட்டால் 4 இல் ஒற்றை இரண்டு, இரட்டை இரண்டு. எப்படியும் இரண்டைத் தாண்டவில்லை. 4 பகு எண், ஆனால் தலைக் குணகம் 1 ஆன எந்த இருபடியும் அங்கே படியைத் தாண்டுவதில்லை! மட்டு 9 இல் x² இற்கே 0, 3, 6 என்று மூன்று வருகிறது. 6 இல் x² − x இற்கு 0, 1, 3, 4 என்று நான்கு. 4 ஐப் போல இன்னொரு பகு எண் இருக்கிறதா? 20 வரை தேடினேன், கிடைக்கவில்லை.

நிலாவின் அம்மா

மகன் எண்ம முறையில் 1 முதல் 77 வரை ஒற்றை எண்கள் எல்லாவற்றையும் வர்க்கித்துவிட்டான். எல்லாம் 1 இல் முடிகின்றனவாம். அதற்கு முந்தைய இலக்கம் ஏன் 0, 1, 3, 6 என்று போகிறது என்று இப்போது கேட்டுக்கொண்டு இருக்கிறான்.

பூச்சியம்

அக்கா, ஒற்றை எண்ணை 2k + 1 என்று எழுதினால் அதன் வர்க்கம் 8 × (k(k + 1)/2) + 1. அடைப்பில் இருப்பது 1, 1 + 2, 1 + 2 + 3 என்று கூட்டிக்கொண்டு போகும் முக்கோண எண். 0, 1, 3, 6 அதுதான். அடுத்தது 10, எண்ம முறையில் 12, அதனால் 9 இன் வர்க்கம் 121 என்று வரும். மகனிடம் அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கீர்த்தி_வெள்ளவத்தை

தங்கச்சிக்கு விளங்கப்படுத்திவிட்டேன். 2 × 4 ஐ எழுதிக் காட்டியதும் "இரண்டும் பாதிப் பாதிப் பூச்சியம்" என்றாள்.

இரவு மூன்றாம் படிக்குப் போனோம். x(x − 1)(x − 2) ஐ எடுத்து எட்டையும் போட்டுப் பார்த்தோம். 0, 1, 2, 4, 6 என்று ஐந்து மூலங்கள். ஒற்றையும் இரட்டையும் கலந்திருக்கிறது, ஆனாலும் மூன்றைத் தாண்டுகிறது. ஒற்றையில் 1 தனியாக நிற்கிறது, இரட்டை நான்கும் வந்துவிட்டன. தலைக் குணகம் 1 ஆன மூன்றாம் படிக்கு ஆறு வருமா சேர்? ஐந்துக்கு மேல் எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.